மின்வெட்டு இரவில் கீச்சிடும் விசிறி

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இருட்டு புதிதல்ல. 1990க்குப் பிந்திய மின்சாரமில்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சனம் இங்கே இருக்கிறது. ஆனால் 2022இல் பல வீடுகளில் இருந்த சாமான்கள் வேறு: ஒரு 12 வோல்ற்றுப் பற்றரி, அதிலே ஓடும் மேசை விசிறி, சுவரில் ஒட்டிய எல்.ஈ.டி. பட்டி, இவற்றைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த ஒரு சின்ன மின்சுற்றுப் பலகை. ஊரில் தண்ணீர் மோட்டர், குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி எல்லாம் அடங்கியபின் அந்த விசிறியில் ஒரு மெல்லிய கீச்சொலி கேட்கும். முழு வேகத்தில் அது கேட்காது. திருகைப் பாதிக்குக் குறைத்தால்தான் வரும். மோட்டர் பழுதாகப் போகிறது என்று பயந்து விசிறியைக் கழற்றியவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பழுதல்ல. வேகத்தைக் குறைக்க அந்தப் பலகை கையாளும் வழியே சத்தத்தையும் உண்டாக்குகிறது.

வேகத்தைக் குறைக்கப் பழைய வழி ஒரு தடையை இடையில் போடுவது. முழு வேகத்தில் 12 வோல்ற்றில் 1.5 அம்பியர் எடுக்கும் ஒரு விசிறியை எடுத்துக்கொள்வோம். அதை மெதுவாகச் சுழல வைக்க 6 வோல்ற்று போதும் என்றும், அப்போது அது 0.5 அம்பியர் எடுக்கிறது என்றும் வையுங்கள். மிச்சம் 6 வோல்ற்றைத் தடை விழுங்க வேண்டும். விசிறிக்கு 3 வாற்று, தடை சூடாவதற்கு இன்னொரு 3 வாற்று. பற்றரியிலுள்ள மின்னில் சரிபாதி, காற்று வேண்டிய வீட்டுக்குள் வெப்பமாக இறங்குகிறது.

துடிப்பகலப் பண்பேற்றம், பலகையில் அச்சிட்டிருப்பதுபோலச் சொன்னால் பி.டபிள்யூ.எம்., இந்த வீண்செலவைத் தவிர்க்கிறது. அது வோல்ற்றளவைக் குறைப்பதே இல்லை. முழு 12 வோல்ற்றையும் கொடுக்கிறது, உடனே முழுதாக நிறுத்துகிறது, மறுபடி கொடுக்கிறது. ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு நேரம் கொடுக்கிறது என்பதைத்தான் திருகு மாற்றுகிறது. பாதி நேரம் கொடுத்தால் சராசரி 6 வோல்ற்று, கால்வாசி நேரம் கொடுத்தால் 3. இந்த வேலையைச் செய்யும் மொஸ்ஃபெற் ஒரு ஆளி மாதிரித்தான் இயங்குகிறது. மூடியிருக்கும்போது அதன் தடை ஓமில் நூறிலொரு பங்கு அளவே இருப்பதால் அதில் வெப்பம் மிகக் குறைவு. திறந்திருக்கும்போது மின்னோட்டமே இல்லை, ஆகவே வெப்பமும் இல்லை.

கரண்டை வெட்டி வெட்டிக் கொடுத்தால் மோட்டர் ஏன் வெட்டி வெட்டி ஓடுவதில்லை? இதற்குச் சைக்கிள் ஓட்டத்தை நினைத்தால் போதும். இரண்டு மிதி மிதித்துவிட்டுக் காலை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடாது. பாரத்தின் உந்தத்தில் உருண்டுகொண்டே போகும், பின்சில்லின் பிறீவீல் அதற்கு இடம் விடும். மோட்டருக்குள் உள்ள செப்புச் சுருள் மின்னோட்டத்துக்கு அப்படி ஒரு உந்தத்தைக் கொடுக்கிறது. சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று கூடவும் மாட்டாது, சட்டென்று குறையவும் மாட்டாது. மொஸ்ஃபெற் திறந்த பிறகும் அது ஓடத்தான் பார்க்கும். அந்த நேரம் அது சுற்றிவர மோட்டருக்குக் குறுக்கே ஒரு இருவாயி போட்டிருப்பார்கள். பிறீவீலின் வேலையை அந்த இருவாயி பார்க்கிறது. அது இல்லாவிட்டால் மின்னோட்டத்துக்குப் போக வழியின்றி வோல்ற்றளவு பாய்ந்து ஏறி, மொஸ்ஃபெற்றைத் தின்றுவிடும்.

இதிலே ஒரு இலாபம் இருக்கிறது. மோட்டருக்குள் 0.5 அம்பியர் இடைவிடாமல் ஓடினாலும் பற்றரி அதைக் கொடுப்பது பாதி நேரம்தான், மற்றப் பாதியில் மின்னோட்டம் இருவாயி வழியாகச் சுற்றுகிறது. ஆகவே பற்றரியில் இருந்து போவது சராசரியாக 0.25 அம்பியர். 7 அம்பியர்-மணி என்று எழுதிய பற்றரியில், தடை போட்டு ஓட்டினால் காகிதக் கணக்கில் 14 மணித்தியாலம், பி.டபிள்யூ.எம்மில் 28. பற்றரியை அடிவரை இறக்கக் கூடாது என்பதால் நடைமுறையில் இரண்டுமே குறையும், ஆனால் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் ஏறக்குறைய நிற்கும். 13 மணித்தியால மின்வெட்டில் அது பெரிய வித்தியாசம்.

இனிச் சத்தத்துக்கு வருவோம். மின்னோட்டம் ஓரளவு சீராக ஓடுகிறது என்றுதான் சொன்னேன், முழுக்கச் சீராக அல்ல. கொடுக்கும் நேரத்தில் கொஞ்சம் ஏறும், நிறுத்தும் நேரத்தில் கொஞ்சம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அதைக் கணக்குப் பார்க்கலாம்.

மலிவான பலகைகள் பலவற்றில் 555 என்ற நேரங்காட்டிச் சில்லு இருக்கும். ஒரு செக்கனில் எத்தனை தடவை வெட்டுவது, அதாவது மீடிறன் எவ்வளவு, என்பதைத் திருகுத் தடையும் ஒரு சிறிய கொள்ளளவியும் சேர்ந்து முடிவு செய்கின்றன. திருகு 100 கிலோஓம், கொள்ளளவியில் 103 என்று எழுதியிருக்கிறது (அது 10 நனோபரட்) என்றால், 1.44ஐ இந்த இரண்டின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். விடை 1,440 ஹேர்ட்ஸ். ஒரு சுற்று ஏறக்குறைய 0.7 மில்லிசெக்கன். பாதி வேகத்தில் அதில் 0.35 மில்லிசெக்கன் கொடுப்பு, 0.35 நிறுத்தம்.

விசிறி சுழலும்போது தானும் ஒரு டைனமோவாகி எதிர் வோல்ற்றளவு ஒன்றைத் தருகிறது. அது 6 என்று வைப்போம். அப்போது கொடுப்பு நேரத்தில் மின்னோட்டத்தை ஏற்றுவதற்கு மிஞ்சுவது 6 வோல்ற்று. சுருளின் தூண்டம் 1 மில்லிஹென்றி என்றால் மின்னோட்டம் ஒரு மில்லிசெக்கனுக்கு 6 அம்பியர் வீதம் ஏறும். 0.35 மில்லிசெக்கனில் 2 அம்பியர் ஏறிவிடும். விசிறிக்குச் சராசரியாக வேண்டியது 0.5 அம்பியர்தான் என்பதை மறக்காதீர்கள். ஆகவே இந்த மோட்டருக்குள் சீரான ஓட்டம் என்று ஒன்று இல்லை. மின்னோட்டம் பூச்சியத்திலிருந்து எகிறி, மறுபடி பூச்சியத்துக்கு விழுந்து, சிறிது நேரம் ஒன்றுமில்லாமல் கிடந்து, மீண்டும் எகிறுகிறது. செக்கனுக்கு 1,440 தடவை இப்படி. இப்படிப் பூச்சியத்தில் கிடக்கும் ஓட்டத்தில் சராசரிக் கணக்கும் பிசகும். திருகு பாதியில் இருந்தாலும் விசிறி பாதி வேகத்தைவிட விரைவாகவே சுழலும். திருகின் அடிப்பகுதியில் வேகம் சட்டென்று ஏறி, பிறகு முழுத் திருகலுக்கும் அதிகம் மாறாமல் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மின்னோட்டம் ஓடும் செப்புக் கம்பி காந்தத்தின் அருகில் இருந்தால் அதன்மேல் விசை விழும். மோட்டர் சுழல்வதே அந்த விசையால். ஆனால் விசை முழுவதும் சுழற்சிக்குப் போவதில்லை. ஒரு பங்கு சுருளை அதன் இடத்திலே இழுத்து நெருக்குகிறது, இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது, மோட்டரின் கூட்டை உள்ளே இழுக்கிறது. மின்னோட்டம் சீராக இருந்தால் இந்த இழுவையும் சீராக இருக்கும், காதுக்கு எதுவும் வராது. மின்னோட்டம் 1,440 தடவை எகிறி விழுந்தால் கூடும் 1,440 தடவை அதிரும். கூட்டோடு சேர்ந்து விசிறியின் தகர அடி அதிரும், அதன் கீழுள்ள மேசைப் பலகையும் அதிரும். விசிறியைக் கையில் தூக்கிப் பிடித்தால் சத்தம் குறைவதைக் கவனித்திருப்பீர்கள். மேசை இல்லாமல் அந்தச் சின்ன மோட்டரால் காற்றை அவ்வளவு அசைக்க முடியாது.

மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரை. 1,440 அதற்குச் சற்றுக் கீழே என்றாலும் தப்பிக்க முடியாது. சட்டென்று ஏறி இறங்கும் அலை தன் மடங்குகளையும் கூடவே கொண்டுவரும். மூன்று மடங்கு 4,320, நேராகக் காதின் கூர்மையான இடத்தில் போய் விழுகிறது. கீச்சுத்தன்மை அங்கிருந்து வருகிறது.

இது பி.டபிள்யூ.எம். சத்தமா, உண்மையான பழுதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். திருகை மெல்லக் கூட்டுங்கள். வேகம் மாறியும் சுருதி மாறாமல் நின்றால் அது வெட்டும் மீடிறன். வேகத்தோடு சுருதியும் ஏறினால் அது பெயரிங், அல்லது கரித்துண்டு உரசும் இடம். முழு வேகத்துக்கு வையுங்கள். வெட்டு நின்றுவிடுவதால் கீச்சு அறவே நிற்க வேண்டும். பாதி வேகத்துக்கு அண்மையில்தான் அது உச்சமாக இருக்கும், ஏனென்றால் கொடுப்பும் நிறுத்தமும் சமமாகும்போதுதான் அலையின் அடிப்படைச் சுருதி மிகப் பலமாகிறது. கடைசிச் சோதனையை நான் எப்போதும் நம்புவேன்: விசிறி சுழலும்போதே பற்றரி வயரைக் கழற்றுங்கள். இறக்கைகள் இன்னும் சில செக்கன்கள் சுழலும். கீச்சு அதே கணத்தில் அறுந்தால் பலகையின் வேலை. இறக்கைகளோடு சேர்ந்து மெல்ல அடங்கினால் பெயரிங்கைப் பாருங்கள்.

இனி மருந்து. வெட்டும் மீடிறனைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 103 கொள்ளளவியைக் கழற்றி 681 என்று எழுதியதைப் பற்றவைத்தால் மீடிறன் 21,000 ஹேர்ட்ஸுக்குச் சற்று மேலே போகும். இப்போது கொடுப்பு நேரம் 24 மைக்கிரோசெக்கன் மட்டுமே. அதற்குள் மின்னோட்டம் 2 அம்பியர் அல்ல, 0.14 அம்பியர்தான் ஏறும். 0.5 அம்பியரைச் சுற்றி அது ஒரு சிற்றலை. கூட்டை அசைக்கும் விசை குறைந்துவிட்டது, குறைந்த அசைவும் காது கேளாத இடத்துக்குப் போய்விட்டது, திருகும் ஒழுங்காக வேலை செய்கிறது. கணினிக்குள் இருக்கும் நான்கு வயர் விசிறிகளுக்கு 25 கிலோஹேர்ட்ஸ் என்று விதித்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

அப்படியானால் எல்லாப் பலகையையும் முதலிலேயே 21 கிலோஹேர்ட்ஸில் செய்யலாமே என்று கேட்பீர்கள். தடுப்பது வெப்பம். மொஸ்ஃபெற் மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் குளிராக இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் மாறும் கணத்தில் மட்டும் அது ஒரு தடை மாதிரி மின்னை விழுங்குகிறது. மலிவுப் பலகையில் 555 சில்லு ஒரு தடையின் ஊடாக மொஸ்ஃபெற்றை மெதுவாகத்தான் தள்ளும். ஒரு மாற்றத்துக்கு 2 மைக்கிரோசெக்கன் எடுக்கிறது, ஓட்டம் 1 அம்பியர் என்று வைத்தால் மாற்றம் ஒவ்வொன்றிலும் 12 மைக்கிரோயூல் வெப்பம். சுற்றுக்கு இரண்டு மாற்றம். 1,440 ஹேர்ட்ஸில் அது 0.035 வாற்று, பொருட்படுத்த வேண்டியதில்லை. 21,000 ஹேர்ட்ஸில் அரை வாற்று. வெப்பம் போக்கும் அலுமினியத் தகடு இல்லாத மொஸ்ஃபெற் அரை வாற்றுக்கே சுற்றியுள்ள காற்றைவிட 30 பாகை கூடச் சூடாகும். யாழ்ப்பாணத்து வெயில் காலத்தில் அறையே 33 பாகை என்றால் மொஸ்ஃபெற் 60ஐத் தாண்டும். அது தாங்கும். ஆனால் 5 அம்பியர் எடுக்கும் மோட்டரைக் கொளுவினால் வெப்பமும் ஐந்து மடங்காகிவிடும். சத்தத்தை ஒழிக்கக் கொள்ளளவியை மட்டும் மாற்றிவிட்டு அலுமினியத் தகட்டை மறந்த பலகை அங்கேதான் எரிகிறது.

எல்.ஈ.டி. பட்டியைக் கொளுவினால் கதை சற்று வேறு. அதற்குச் சுருளும் இல்லை, உந்தமும் இல்லை. மின் வெட்டுப்படும்போதெல்லாம் ஒளியும் வெட்டுப்படுகிறது. சராசரி எடுப்பது நம்முடைய கண். பழைய மின்குமிழில் இழை சூடாகவே இருந்து அந்த வேலையைத் தானே செய்தது. 144 ஹேர்ட்ஸில் வெட்டும் எல்.ஈ.டி. வெளிச்சத்தில் கையை வேகமாக அசைத்துப் பாருங்கள், ஒரு கை பல கைகளாக உடைந்து தெரியும். இந்த மினுக்கத்தால் சிலருக்குத் தலையிடி வரும். 2015இல் ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பு வெளியிட்ட பரிந்துரையின்படி, முழுதாக அணைந்து எரியும் விளக்கென்றால் 1,250 ஹேர்ட்ஸுக்கு மேலே வெட்டினால் அபாயம் குறைவு, 3,000க்கு மேலே கவலையே இல்லை. கண்ணுக்கு நல்லது என்று மேலே ஏற்றும்போது காதின் மிகக் கூர்மையான பகுதிக்குள் நுழைந்துவிடுகிறோம். பட்டி தானாகக் கத்தாது. ஆனால் அதற்கு மின் கொடுக்கும் பெட்டியில் உள்ள சிறு சுருள் அதிரும், பீங்கான் கொள்ளளவிகளும் அதிரும். பேரியம் தைத்தனேற்றால் செய்த பீங்கான் வோல்ற்றளவு ஏறி இறங்கும்போது நுண்ணிய அளவில் விரிந்து சுருங்கும் தன்மை கொண்டது, அது தன்னோடு பலகையையும் வளைக்கிறது. கட்டிலின் தலைமாட்டில் வைத்த மங்கல் விளக்கு மெல்ல ஒலிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆர்டுயீனோ பலகையில் விசிறி ஓட்டிப் பழகும் மாணவர்களுக்கும் இதே சத்தம் கேட்டிருக்கும். ஊனோ பலகையில் `analogWrite()` கொடுத்தால் 9ஆம், 10ஆம் ஊசிகளில் வெட்டும் மீடிறன் ஏறக்குறைய 490 ஹேர்ட்ஸ், நன்றாகக் கேட்கும் ஒரு சுருதி. `setup()` இனுள் இந்த ஒரு வரியை எழுதினால் அந்த இரண்டு ஊசிகளும் 31 கிலோஹேர்ட்ஸுக்கு ஏறிவிடும்:

```
TCCR1B = (TCCR1B & 0b11111000) | 0x01;
```

நேரத்தைக் கணிக்கும் `delay()`, `millis()` இரண்டும் வேறொரு எண்ணியை நம்பியிருப்பதால் அவை குழம்பாது. ஆனால் ஊனோவில் சேர்வோ மோட்டருக்கான `Servo` நூலகம் இதே எண்ணியைத்தான் எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே நிரலில் வைக்க முடியாது.

பெரிய மோட்டர்களில் வெப்பக் கணக்கு கடுமையாகிறது. தோட்டக் கிணற்றில் சூரியத் தகட்டால் ஓடும் தண்ணீர்ப் பம்பிகளின் இன்வேட்டர் இதற்கு நல்ல உதாரணம். அதுவும் வெட்டித்தான் கொடுக்கிறது. ஆனால் வெட்டின் அகலத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைத்து, அதிலிருந்து மூன்று கட்ட ஆடலோட்டத்தையே உருவாக்கிவிடுகிறது. குடாநாட்டில் பம்பியை மெதுவாக ஓட்ட முடிவது வெறும் வசதியல்ல. இங்கே சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கிறது. வேகமாக இறைத்தால் உவர் மேலே ஏறும், வெங்காயத் தறை கருகும். மெல்ல, நீண்ட நேரம் இறைப்பதுதான் கிணற்றுக்கு நல்லது. ஆனால் அந்த இன்வேட்டருக்குள் இருப்பது 12 வோல்ற்று அல்ல, சில நூறு வோல்ற்று. மாற்றம் ஒவ்வொன்றிலும் விழும் வெப்பமும் அதற்கேற்றபடி கூடும். ஆகவே பல இன்வேட்டர்கள் 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸில் வெட்டுகின்றன. பம்பி அறைக்குள் நின்றால் காது குடையும். சிலவற்றில் இதை 10 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே ஏற்றிவைக்க ஒரு அமைப்பு இருக்கும், ஆனால் அப்படி ஏற்றினால் கொடுக்கக்கூடிய மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கையேட்டில் அட்டவணை போட்டிருப்பார்கள். பம்பி வீட்டிலிருந்து தள்ளி இருந்தால் சத்தத்தை அப்படியே விடுவதுதான் என் கட்சி. இன்வேட்டர் நீண்ட காலம் இருக்கும்.

இன்வேட்டர் சத்தத்தை வேறு விதமாகக் கையாண்டவர்களும் உண்டு. ஜப்பானின் கெய்க்கியூ ரயில் நிறுவனம் 1998இல் ஓடவிட்ட 2100 வகை வண்டிகளில் சீமென்ஸ் இன்வேட்டர்கள் இருந்தன. சத்தத்தைத் தவிர்க்க முடியாத பொறியியலாளர்கள், வண்டி புறப்படும்போது வெட்டும் மீடிறன் படிப்படியாக ஏறி ஒரு சுரவரிசையாகக் கேட்கும்படி செய்துவிட்டார்கள். வேறு சில இன்வேட்டர்கள் மீடிறனை ஒரே இடத்தில் வைக்காமல் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரே சுருதியில் குவிந்த சத்தம் அப்போது இரைச்சலாகப் பரவிவிடும். மொத்தச் சத்தம் குறைவதில்லை, ஆனால் காது அதை மறந்துவிடுகிறது.

மேசை விசிறிக்குத் திரும்பினால், கொள்ளளவியை மாற்ற முன்னர் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, அந்த விசிறிக்குள் கரித்துண்டு மோட்டர்தான் இருக்கிறதா என்பது. கரித்துண்டு இல்லாத வகை என்றால் உள்ளே சொந்தமாக ஒரு மின்னணுச் சுற்று இருக்கும். அதற்குப் போகும் மின்னையே வெட்டினால் அந்தச் சுற்று ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைக்கும், விசிறி தடுக்கித் தடுக்கிச் சுழலும், நாளடைவில் பழுதாகும். அதற்கு இந்தப் பலகையே பொருந்தாது. இரண்டாவது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது. சந்தையில் 13 கிலோஹேர்ட்ஸ் என்று எழுதிய பலகைகள் கிடைக்கின்றன. வயது ஏறும்போது காதின் மேல் எல்லை இறங்கும், ஆகவே அம்மம்மாவுக்கு அந்தப் பலகை முழு மௌனம். பத்து வயதுப் பேத்தி அதே அறையில் படுக்க மாட்டேன் என்பாள். அவள் கேட்பது உண்மையான சத்தம். 681 போட்டபின் அவளிடமே கேட்டுப் பாருங்கள், பிறகு அரை மணித்தியாலம் ஓடவிட்டு மொஸ்ஃபெற்றில் விரலை வையுங்கள். வைத்திருக்க முடியாமல் சுட்டால் ஒரு துண்டு அலுமினியத் தகட்டைத் திருகாணி போட்டுப் பூட்டுங்கள்.